சுமோ டெட்லிஃப்டுக்கு மாறினேன், முதுகுப்பிடிப்பு போகவில்லை. இப்போது தொடை இடுக்கும் வலிக்கிறது

கேள்வி:

டாக்டர், எனக்கு 34 வயது. மூன்று வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். உயரம் 178 செ.மீ., கால்கள் நீளம். கால்களை அகட்டாமல் நின்று பாரைத் தரையிலிருந்து தூக்கும் கன்வென்ஷனல் டெட்லிஃப்டில் 110 கிலோவை ஐந்து முறை தூக்குவேன். கடைசி இரண்டு ரெப்பில் கீழ்முதுகு இறுகிப் பிடித்துக்கொள்ளும், மறுநாள் வரை விடாது. "உன் கால் நீளத்துக்கு சுமோதான் சரி, முதுகுக்குச் சுமையே வராது" என்று கூடப் பயிற்சி செய்யும் அண்ணன் ஒருவர் சொன்னார். எட்டு வாரமாக சுமோதான். எவ்வளவு அகட்ட முடியுமோ அவ்வளவு காலை அகட்டி நிற்கிறேன். 60 கிலோ அழகாக வருகிறது. 110 என்றால் பார் தரையை விட்டுக் கிளம்புவதற்குள் இடுப்பு மேலே போய்விடுகிறது, முழங்கால்கள் உள்ளே மடிகின்றன. முதுகுப்பிடிப்பு குறையவில்லை. போதாததற்கு இப்போது வலது தொடை இடுக்கிலும் வலி. உள்தொடையைத் தினமும் ஸ்ட்ரெச் செய்தும் பயனில்லை. சுமோவே ஏமாற்று வேலை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் எதைத் தொடர்வது? பழைய, புதிய வீடியோக்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

வீடியோக்களை அனுப்பியது நல்லதாயிற்று. கடிதத்தை மட்டும் படித்திருந்தால் நானும் உங்கள் கால் நீளத்தைப் பற்றியே எழுதியிருப்பேன். வீடியோவைப் பார்த்தால் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. 110 கிலோவில் நீங்கள் செய்வது சுமோவே இல்லை. கால்கள் மட்டும் சுமோவைப் போல அகன்று நிற்கின்றன, உடல் பழைய கன்வென்ஷனல் சாய்விலேயே இருக்கிறது. அதனால் சுமோவில் முதுகுக்குக் கிடைக்க வேண்டிய லாபம் கைக்கு வரவில்லை. அதற்காகத் தொடை இடுக்கு கொடுக்கும் விலையை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இதை நீங்களே செய்து பார்க்கலாம். முழு அளவு பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. பக்கவாட்டு வீடியோவை, பார் தரையை விட்டுக் கிளம்பும் நொடியில் நிறுத்தினால் அந்த பிளேட்டே அளவுகோல் ஆகிவிடும். தொடையின் வெளிப்பக்கம் மேலே கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேடுதான் ஏறக்குறைய இடுப்பு மூட்டு இருக்கும் உயரம். அங்கிருந்து ஒரு கோடு, பாரின் நடுவிலிருந்து ஒரு கோடு, இரண்டையும் செங்குத்தாகக் கீழே இறக்கி, இடையில் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். உங்கள் கன்வென்ஷனலில் அது 34 செ.மீ. சுமோவில் 60 கிலோ தூக்கும்போது 28. அதே சுமோவில் 110 கிலோ தூக்கும்போது 33.

இந்தத் தூரம்தான் நெம்புகோலின் நீளம். பாரின் எடை கீழே இழுக்கிறது, உங்கள் இடுப்பும் கீழ்முதுகும் அதை எதிர்த்து நிமிர வேண்டும். எடை அதே 110 கிலோவாக இருந்தாலும், தூரம் 34-இலிருந்து 28 ஆகக் குறைந்தால் பாரின் எடையால் அந்த இடத்தில் உண்டாகும் திருப்புவிசை ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. 33-இல் நின்றுவிட்டால் குறைவது ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எட்டு வாரம் கழித்தும் முதுகுப்பிடிப்பு அப்படியே இருப்பதற்குக் காரணம் அந்த ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்தான்.

"முதுகுக்குச் சுமையே வராது" என்பது எவ்வளவு உண்மை

அண்ணன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சுமோவில் உடல் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறது. போட்டிகளில் தூக்குபவர்களைப் படமெடுத்து அளந்தபோது, தொடக்க நிலையில் சுமோக்காரர்களின் உடல் 5 முதல் 10 டிகிரி வரை கூடுதலாக நிமிர்ந்திருந்தது. கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையே விழும் திருப்புவிசையை 1991-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சுமோவில் அது சுமார் 10 சதவீதம் குறைவாக இருந்தது. எலும்பை முன்னோக்கி நழுவ வைக்கப் பார்க்கும் விசை சுமார் 8 சதவீதம் குறைந்தது. நல்ல லாபம்தான், ஆனால் அது பத்தில் ஒரு பங்கு. மீதி ஒன்பது பங்கு சுமோவிலும் முதுகுக்குத்தான்.

இப்போது உங்கள் பழைய கன்வென்ஷனல் வீடியோவுக்கு வருவோம். நான்காவது ரெப்பைத் தொடங்கும்போது பார் உங்கள் கெண்டைக்காலின் முன் எலும்பை ஒட்டி இல்லை. முதல் ரெப்பில் ஒட்டி இருந்தது. ஒவ்வொரு முறை கீழே வைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே உருண்டு, நான்காவதில் நாலு செ.மீ. தள்ளிப் போய்விட்டது. நீங்கள் அதைக் கவனிக்காமல் அப்படியே இழுக்கிறீர்கள். 34 அங்கேயே 38 ஆகிறது. எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான கூடுதல் சுமை அது. சுமோவுக்கு மாறி எவ்வளவு சம்பாதிக்க நினைத்தீர்களோ, கிட்டத்தட்ட அவ்வளவையும் பார் உருண்டு உருண்டு தின்றுவிட்டது. கடைசி இரண்டு ரெப்பில் மட்டும் முதுகு பிடிப்பதாக நீங்கள் எழுதியிருப்பதோடு இது பொருந்திப்போகிறது. களைப்பும் அதில் சேர்ந்திருக்கும். ஆனால் பார் தள்ளிப்போவது கண்ணெதிரே தெரிகிறது, சரிசெய்யவும் முடியும்.

கால் நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீளமான தொடை உடலைச் சாய வைக்கும் என்பது சரி. ஆனால் படத்தில் உங்கள் கைகளும் நீளம். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி தொடையின் பாதியைத் தாண்டிக் கீழே வருகிறது. நீளமான கை பாரை எட்டுவதற்கு உடல் அவ்வளவு தாழ வேண்டியதில்லை. கால் கெடுத்ததை உங்களுக்குக் கை ஈடுகட்டிவிடுகிறது. கன்வென்ஷனல் உங்கள் உடலுக்கு ஒவ்வாதது என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

காலை அகட்டினால் இடுப்பில் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் எழுதிய உயரத்தின்படி உங்கள் தொடை எலும்பு சுமார் 44 செ.மீ. சுமோவின் தொடக்க நிலையில் தொடை, தரைக்கு இணையாக இல்லாமல், முழங்காலிலிருந்து இடுப்பை நோக்கி சுமார் 30 டிகிரி ஏறி நிற்கிறது. நேர் மேலே ஒரு விளக்கு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடையின் நிழல் தரையில் 38 செ.மீ. விழும். கால்களைச் சேர்த்து நின்றால் இந்த நிழல் ஏறக்குறைய முழுவதும் முன்னோக்கி விழுகிறது. தொடையை 40 டிகிரி பக்கவாட்டில் திறந்தால் அதே 38 செ.மீ. நிழல் கோணலாக விழுகிறது. முன்னோக்கி 29, பக்கவாட்டில் 24. இடுப்பு பாருக்கு அருகே வருவதும் உடல் நிமிர முடிவதும் இதனால்தான்.

ஆனால் நிழலின் நீளம் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். அது திசைதான் மாறியிருக்கிறது. முன்பு இடுப்புக்கு ஒரே திசையில் வேலை, இப்போது இரண்டு திசையில் வேலை. இடுப்பை நிமிர்த்தும் வேலையை அளந்தபோது இரண்டு முறையிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதும் இதனால் வியப்பில்லை. சுமோவில் இடுப்பு ஓய்வெடுப்பதில்லை.

அந்த வேலையில் பெரும் பங்கு வகிப்பது உள்தொடையில் இருக்கும் பெரிய தசை. கால்களைச் சேர்க்கும் தசை என்றுதான் பலர் அதை நினைக்கிறார்கள். இடுப்பு நன்றாக மடங்கியிருக்கும்போது, இடுப்பை நிமிர்த்துவதில் அது பிட்டத் தசையோடு போட்டி போடும் அளவுக்கு வலுவானது. சுமோவில் அந்தத் தசையை ஏற்கெனவே இழுத்து நீட்டி வைத்து, அந்த நீட்டிய நிலையிலேயே 110 கிலோவுக்கு வேலை வாங்குகிறீர்கள். எட்டு வாரத்தில் அதற்குக் களைப்பு தட்டியிருக்கிறது. அப்படிப்பட்ட தசையைத் தினமும் ஸ்ட்ரெச் செய்வது, ஏற்கெனவே இழுபட்டுக் கிடக்கும் கயிற்றை இன்னும் இழுப்பது மாதிரி. இன்றிலிருந்து அதை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது முழங்கால். முன்னாலிருந்து எடுத்த வீடியோவில் உங்கள் குதிகால்களுக்கு இடையே 98 செ.மீ. இருக்கிறது. இரண்டு இடுப்பு மூட்டுகளின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே பெரியவர்களுக்கு ஏறக்குறைய 18 செ.மீ. இருக்கும். ஒவ்வொரு தொடையும் பக்கவாட்டில் 24 செ.மீ. போனால் முழங்கால்களுக்கு இடையே 66 செ.மீ. வருகிறது. பாதம் 98-இல் நிற்கிறது, முழங்கால் 66-இல் நிற்கிறது. தொடையை எவ்வளவுதான் திறந்தாலும் 38 செ.மீ. நிழலால் 98-ஐ எட்ட முடியாது, ஒரு பக்கத்துக்கு 40 வேண்டும். ஆகவே உங்கள் முழங்கால் "பலவீனத்தால் உள்ளே மடிகிறது" என்று நினைத்துக் கவலைப்படாதீர்கள். பாதத்துக்கு மேலே அது வந்து நிற்க அங்கே எலும்பு நீளமே போதவில்லை. கோச் எத்தனை முறை "முழங்காலை வெளியே தள்ளு" என்று கத்தினாலும் அது நடக்காது. பாதத்தைத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

இடுப்பு ஏன் முதலில் எழும்புகிறது? சுமோவில் தொடை தரைக்கு இன்னும் இணையாக வருகிறது, முழங்கால் அதிகம் மடங்குகிறது. அதனால் தொடையின் முன்தசைக்கு வேலை கூடுகிறது. அதனால் முடியாத எடை வந்ததும் உடல் தானாக ஒரு வழி கண்டுபிடிக்கிறது. பாரை நகர்த்தாமலே முழங்காலை நீட்டிவிடுகிறது, இடுப்பு பின்னால் ஏறுகிறது, சுமை மொத்தமும் இடுப்புக்கும் முதுகுக்கும் போகிறது. 28 செ.மீ. 33 ஆவது அந்த அரை நொடியில்தான். சுமோ தூக்குபவர்கள் தரையை விட்டுக் கிளப்பும்போது திணறுவதும், கன்வென்ஷனல்காரர்கள் முழங்காலைத் தாண்டிய பிறகு திணறுவதும் இதே காரணத்தால்தான்.

வலி எந்த இடத்தில் என்று பாருங்கள்

தொடை இடுக்கு வலி என்று ஒரே பெயரில் சொன்னாலும் இரண்டு வேறு விஷயங்கள் அதில் ஒளிந்திருக்கலாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, இடையில் ஒரு பந்தை வைத்து நசுக்குங்கள். உள்தொடையின் மேல்பகுதியில், எலும்போடு தசை சேரும் இடத்தில் உங்கள் வலி அப்படியே வந்தால் அது தசை, தசைநாண் வலி. நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் இதுதான் என்று நினைக்கிறேன். அப்படியில்லாமல், முழங்காலை மார்பை நோக்கி இழுத்து உள்பக்கமாகத் திருப்பும்போது இடுப்பின் முன்பக்கம் ஆழத்தில் கிள்ளுவது போல் வலித்தால், அது மூட்டிலிருந்து வரலாம். இடுப்புக் குழியின் ஆழமும் அது பார்க்கும் திசையும் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு எலும்போடு எலும்பு முட்டி, அகட்டுவது அங்கேயே நின்றுவிடும். அதை ஸ்ட்ரெச் செய்து கடக்க முடியாது. இந்த இரண்டாவது வகை என்றால் நேரில் ஒரு மருத்துவரிடமோ இயன்முறை நிபுணரிடமோ காட்டிவிட்டுத்தான் சுமோவைத் தொட வேண்டும்.

இருமும்போது இடுக்கில் புடைப்பு தெரிந்தாலும், நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் வலி விடாமல் இருந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். முதுகுவலியோடு காலில் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடத்தில் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி என்ன செய்யலாம்

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. இப்போதுள்ள அகலத்திலேயே தொடர்வது, கன்வென்ஷனலுக்குத் திரும்புவது, இல்லை நடுவில் ஓர் அகலத்துக்கு வருவது. முதலாவது வேண்டாம். கணக்கே அதை ஒப்புக்கொள்ளவில்லை. மற்ற இரண்டையும் வரிசையாகச் செய்யலாம் என்பது என் யோசனை.

முதல் மூன்று வாரம் சுமோவை நிறுத்துங்கள். கன்வென்ஷனலை 80 கிலோவில் தொடங்குங்கள், நாலு ரெப் போதும். ஒவ்வொரு ரெப்பும் முடிந்ததும் பாரை வைத்து, கையை எடுத்து, கீழே பாருங்கள். பார் ஷூ லேசின் நடுமுடிச்சுக்கு மேலே, பாதத்தின் நடுவில் இருக்கிறதா? இல்லையென்றால் பாரை இழுக்காமல், உங்கள் பாதத்தை நகர்த்திச் சரிசெய்து, மறுபடி பிடியுங்கள். அதற்கு அப்புறம் கைகளை இறுக்கி, அக்குளில் ஒரு துண்டை அமுக்கிப் பிடித்திருப்பது போல் மேல்முதுகை இறுக்கி, பாரும் பிளேட்டும் உரசும் அந்தச் சின்ன "டிக்" சத்தம் கேட்ட பிறகு இழுங்கள். சத்தம் கேட்பதற்கு முன்பே வெடுக்கென்று இழுத்தால் பார் முன்னே போகும், முதுகு வளையும். முதுகு பிடிக்காமல் ஒரு வாரம் போனால் 5 கிலோ கூட்டலாம்.

அதே மூன்று வாரத்தில் உள்தொடைக்கு, மேலே சொன்ன பந்து நசுக்கலையே பயிற்சியாகச் செய்யுங்கள். முப்பது நொடி பிடித்து விடுவது, ஐந்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலையில் முன்பு இருந்ததை விடக் கூடியிருக்கவும் கூடாது. கூடியிருந்தால் நசுக்கும் பலத்தைப் பாதியாக்குங்கள். தொடையின் முன்தசைக்கு முன்பக்கம் எடை பிடித்துச் செய்யும் ஸ்குவாட் வாரம் இரண்டு முறை போதும். கால் தோள் அகலத்துக்கு மேல் போக வேண்டாம்.

நசுக்கும்போது வலி நின்ற பிறகு சுமோவுக்கு வாருங்கள், ஆனால் குதிகால் அகலம் 66 செ.மீ.-இல். தரையில் இரண்டு டேப் துண்டு ஒட்டி அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பாரைப் பிடித்துத் தூக்கத் தயாராகும் தொடக்க நிலையில் முன்னாலிருந்து ஒரு படம் எடுத்தால் கெண்டைக்கால் நேர்செங்குத்தாகத் தெரிய வேண்டும், பாத நுனி முழங்கால் பார்க்கும் அதே பக்கம் பார்க்க வேண்டும். பழக்கம் வந்த பிறகு இரண்டு, மூன்று செ.மீ. அகட்டிப் பார்க்கலாம். முழங்கால் கணுக்காலுக்கு உள்ளே போன அளவுதான் உங்கள் எல்லை. போட்டியில் கால் கட்டைவிரல் பிளேட்டை உரச நிற்பவர்களின் இடுப்பு எலும்பு வேறு, உங்களுடையது வேறு.

எடை எவ்வளவு என்பதை உடலின் சாய்வைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 60-இல் தொடங்கி, ஒவ்வொரு செட்டிலும் தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில் இரண்டு நொடி நிறுத்துங்கள். அந்த இரண்டு நொடியில் இடுப்பு ஏறினால் அன்றைக்கு அந்த எடை அதிகம். உங்களுக்கு இந்த எல்லை 75, 80 கிலோவுக்கு அருகே இருக்கும் என்று தோன்றுகிறது. 110-இலிருந்து அவ்வளவு கீழே வருவது மனதுக்குக் கஷ்டம்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் 110-இல் நீங்கள் தூக்கியது கால் அகட்டிய கன்வென்ஷனல். சுமோவில் உங்கள் உண்மையான எடை எவ்வளவு என்று இதுவரை நீங்கள் பார்க்கவே இல்லை.

சுமோ ஏமாற்று வேலை என்பவர்களுக்கு பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. கன்வென்ஷனலில் பார் போகும் தூரம் 25 முதல் 40 சதவீதம் வரை அதிகம் என்பது அளக்கப்பட்ட உண்மை. ஆனால் தூரம் குறைந்ததால் தரையிலிருந்து கிளப்பத் தேவையான பலம் குறைந்துவிடுவதில்லை. பவர்லிஃப்டிங் போட்டி விதிகள் இரண்டையும் ஒன்றுபோல ஏற்கின்றன.

ஆறு வாரம் கழித்து எனக்கு இரண்டு வீடியோ அனுப்புங்கள். ஒன்று கன்வென்ஷனல் ஐந்து ரெப், இன்னொன்று குறுகிய சுமோ ஐந்து ரெப், ஒரே எடையில். கேமராவை இடுப்பு உயரத்தில், நாலு மீட்டராவது தள்ளி, பாரின் முனைக்கு நேராக வையுங்கள். கிட்டே வைத்தால் பிளேட் பெரிதாகத் தெரிந்து அளவு தப்பிவிடும். முதல் ரெப்பில் உள்ள தூரத்தையும் ஐந்தாவது ரெப்பில் உள்ள தூரத்தையும் நீங்களே அளந்து கூடவே எழுதி அனுப்புங்கள். ஐந்தாவதிலும் எண்ணிக்கை மாறாமல் நிற்பது எந்த முறையோ, அதை உங்கள் முதன்மைத் தூக்கலாக வைத்துக்கொள்ளலாம்.